வெளியாள் தொல்லை கொடுத்தால் புகார் யாரிடம்? வாடிக்கையாளர் இடத்தில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்குள் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களின் அடையாள அட்டைகளைப் பாருங்கள். ஒரே வாசலில் நுழைகிறவர்களின் கழுத்தில் மூன்று நான்கு நிறுவனங்களின் பெயர்கள் தொங்கும். சம்பளம் போடுவது ஆள் அனுப்பும் நிறுவனம். வேலை வாங்குவது தொழிற்சாலை. இவர்களைத் தவிர, அதே கூரைக்குக் கீழே தினமும் வந்துபோகிறவர்கள் உண்டு: உதிரிபாகம் கொண்டுவரும் சப்ளையரின் ஆட்கள், ஏசி பழுது பார்க்க வருகிறவர், கேன்டீன் ஒப்பந்தக்காரரின் ஊழியர்கள், தணிக்கைக்கு வரும் வாடிக்கையாளர்கள்.

இந்த வந்துபோகிறவர்களில் ஒருவர் பாலியல் தொல்லை கொடுத்தால், பெண் முதலில் கேட்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவர் எங்கள் ஆள் இல்லையே." தொழிற்சாலை அப்படிச் சொல்லும். ஆள் அனுப்பிய நிறுவனம், "நடந்தது எங்கள் இடத்தில் இல்லையே" என்னும். சப்ளையர் நிறுவனத்தின் கதவைத் தட்டினால், "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே" என்பார்கள். மூன்று பேர் சொல்வதும் தனித்தனியே உண்மை. ஆனால் மூன்றில் எதுவும் புகாரை வாங்க மறுப்பதற்குச் சட்டப்படியான காரணம் ஆகாது. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க நிறுவனங்களுக்குள் அமைக்கப்படும் உள் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக இருக்கும் எனக்கு, தாமதமாக வந்து சேர்ந்த புகார்களில் மிகவும் வருத்தம் தருபவை இப்படி வாசல் வாசலாக அலைந்து நாள் கடந்தவைதான். அந்த அலைச்சல் இல்லாமல் புகாரைச் சரியான இடத்தில் சேர்ப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். பல புகார்களில் பார்த்தவற்றைச் சேர்த்து உருவாக்கியது. எந்த ஒரு பெண்ணின் கதையும் அல்ல. கவிதா, டிப்ளமோ முடித்தவர். ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மூலம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வரும் உதிரிபாகங்களை அளந்து, அளவு தவறியவற்றைத் தள்ளிவைப்பது அவர் வேலை. சப்ளையர் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் வாரம் இரண்டு முறை வருகிறார். மார்ச் 3 அன்று, தள்ளிவைத்த பாகங்களைப் பற்றிப் பேசும் சாக்கில், கவிதாவின் உடலைப் பற்றி ஆபாசமாக ஒரு வார்த்தை சொல்கிறார். மார்ச் 11 அன்று, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். மார்ச் 19 அன்று, பரிசோதனை மேசைக்கும் அடுக்குக்கும் நடுவே வழிமறித்து இடுப்பில் கைவைக்கிறார். கவிதா அன்றே தன் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். அவர் "பேசிப் பார்க்கிறேன்" என்கிறார்.

சேரும் நாளிலேயே செய்ய வேண்டியது

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 'போஷ் சட்டம்' என்று மனிதவளப் பிரிவில் சொல்வது இதைத்தான். பலகையில் ஐசி என்றோ ஐசிசி என்றோ குறிப்பிட்டிருப்பார்கள். குழுவின் தலைவர் அங்கேயே மூத்த நிலையில் வேலை செய்யும் பெண்ணாக இருக்க வேண்டும். ஊழியர்களில் இருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள், நிறுவனத்தைச் சாராத ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். குழு அமைத்த உத்தரவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைப்பது முதலாளியின் கடமை. பொதுவாக அது கேன்டீன் சுவரிலோ நேரப்பதிவு இயந்திரத்துக்கு அருகிலோ இருக்கும்.

அந்தப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரியையும் முதல் வாரத்திலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பல தொழிற்சாலைகளில் வாசலிலேயே கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். படம் எடுக்க முடியாது. ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டால் போதும். உங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் குழு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் பணி நியமனக் கடிதத்துடன் தரும் கொள்கைத் தொகுப்பில் இருக்கும். இப்படி இரண்டு பட்டியல்கள் கையில் இருந்தால், நடுங்கும் நேரத்தில் யாரிடமும் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

மூன்று நிறுவனங்கள், எந்தக் குழு?

அதிகக் குழப்பம் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொழிற்சாலையின் குழுவிடம் கவிதா போகலாமா? போகலாம். சட்டம் 'ஊழியர்' என்று சொல்லும்போது நேரடியாக நியமிக்கப்பட்டவரை மட்டும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் மூலமாகவோ முகவர் மூலமாகவோ வந்தவர், பயிற்சியில் இருப்பவர், தினக்கூலி எல்லோரும் அதில் அடக்கம். அதற்கும் மேலாக, புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, "நீ எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை.

தொல்லை கொடுத்தவர் வெளியாள் என்பது தடையா? இல்லை. முதலாளியின் கடமைகளைச் சொல்லும் 19-ஆவது பிரிவு, பணியிடத்தில் பெண்ணோடு தொடர்புக்கு வரும் எல்லோரிடம் இருந்தும் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. தன் ஊழியர்களிடம் இருந்து மட்டும் என்று அது சுருக்கவில்லை. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களிலும், மூன்றாம் நபரால் தொல்லை நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்க முதலாளி தேவையான எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

சம்பளம் தரும் நிறுவனத்தின் குழுவிடம் போகலாமா? அதுவும் முடியும். வேலை நிமித்தமாக நீங்கள் போகும் எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் உங்கள் பணியிடம்தான். நிறுவனம் ஏற்பாடு செய்த வேனும் அதில் சேரும். வாடிக்கையாளரின் தொழிற்சாலை என்பதால் ஆள் அனுப்பிய நிறுவனம் கைகழுவிவிட முடியாது.

ஒரு முட்டுக்கட்டை நீண்ட காலம் இருந்தது. 11-ஆவது பிரிவில், எதிர்த்தரப்பினர் ஊழியராக இருந்தால் அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி விசாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. இதை வைத்து, தொல்லை கொடுத்தவர் வேலை செய்யும் நிறுவனத்தின் குழுதான் விசாரிக்க முடியும் என்று வாதாடினார்கள். அந்த வாதத்தின்படி கவிதா சப்ளையர் நிறுவனத்துக்குப் போய், முன்பின் தெரியாத அலுவலகத்தில், அந்த ஆளின் சக ஊழியர்கள் முன் உட்கார வேண்டியிருக்கும். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்தது. டெல்லியில் வெவ்வேறு அரசுத் துறைகளைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகளின் வழக்கு அது. சம்பவம் நடந்தது பெண் அதிகாரியின் அலுவலகத்தில். பெண் வேலை செய்யும் இடத்தின் குழுவே விசாரித்து உண்மையைக் கண்டறியலாம். அதன் அறிக்கையின் மேல் எதிர்த்தரப்பினரின் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணைக்கும் அந்தத் துறை ஒத்துழைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. யாராவது பழைய வாதத்தைச் சொல்லி உங்களைச் சப்ளையர் பக்கம் அனுப்பப் பார்த்தால், இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அப்படியானால் கவிதா முன் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. எதைத் தட்டுவது? என் கருத்து தெளிவானது: சம்பவம் நடந்த இடத்தின் குழுவுக்கே முதன்மைப் புகார் போக வேண்டும். காரணம் நடைமுறை சார்ந்தது. கண்காணிப்புக் கேமராப் பதிவு தொழிற்சாலையிடம் இருக்கிறது. வாசல் பதிவேடு, வந்துபோகிறவருக்குக் கொடுத்த கேட் பாஸ், பக்கத்து மேசையில் இருந்த சாட்சி எல்லாமே அங்கேதான். அந்த ஆளை நாளைக் காலையில் உள்ளே விடாமல் நிறுத்தும் அதிகாரமும் தொழிற்சாலைக்கே உண்டு. ஆள் அனுப்பும் நிறுவனம் இதற்கெல்லாம் கடிதம் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் தனக்குத் தொழில் கொடுக்கும் வாடிக்கையாளரிடம்.

நகல் ஒன்று சம்பளம் தரும் நிறுவனத்தின் குழுவுக்குப் போகட்டும். "இரண்டாவது விசாரணை தேவையில்லை, முதன்மை விசாரணைக்கு உதவி செய்யுங்கள், என் வேலையைப் பாதுகாத்துக் கொடுங்கள்" என்று அதில் தெளிவாக எழுதுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு குழுக்கள் தனித்தனியே விசாரித்தால் நீங்கள் இரண்டு முறை சொல்ல வேண்டி வரும். இரண்டு வாக்குமூலங்களுக்கும் இடையே வரும் சின்ன வேறுபாடுகூட எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிவிடும்.

சில நேரம் இந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் குழுவே இல்லை என்றாலோ, குழுவில் இருப்பவரே அந்தச் சப்ளையரோடு கொள்முதல் பேசுகிறவராக இருந்தாலோ, சம்பளம் தரும் நிறுவனத்தின் குழுவை முதன்மையாக்குங்கள். சப்ளையர் நிறுவனத்துக்கு நீங்களே நேரில் போக வேண்டாம். அவர்களுக்குச் செய்தி போக வேண்டிய வழி, விசாரிக்கும் குழுதான்.

வாயால் சொன்னது புகார் ஆகாது

கவிதா மார்ச் 19 அன்று மேற்பார்வையாளரிடம் சொன்னார் அல்லவா? அதன்பின் இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. மேற்பார்வையாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சப்ளையரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கக்கூடும். ஆனால் அந்த இரண்டு வாரமும் சட்டத்தின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. குழுவுக்கு எழுத்தில் போனால்தான் அது புகார். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து கணக்கு. அதன்படி கவிதாவுக்கு ஜூன் 19 வரை நேரம் இருக்கிறது. மார்ச் 3 அன்று நடந்ததும் அதே தொடரில் சேரும். கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தால், குழு அதை எழுத்தில் பதிந்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவதும் குழுவின் பொறுப்பு.

சட்டம் தரும் மூன்று மாதத்தைவிடக் கேமரா தரும் அவகாசம் மிகவும் குறைவு. பல இடங்களில் பதிவு 15 நாளோ ஒரு மாதமோதான் இருக்கும். பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அதனால் முழுப் புகாரை எழுதி முடிக்க முடியாவிட்டாலும், அன்றோ மறுநாளோ குழுவுக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "மார்ச் 19 பிற்பகல் 2:30 முதல் 3:15 வரை சரக்கு வரும் பகுதிக் கேமராப் பதிவை அழியாமல் எடுத்துவைக்கக் கோருகிறேன்; புகார் எழுத்தில் வருகிறது." நேரத்தைச் சரியாகச் சொல்லாமல் "அன்று முழுவதும்" என்று கேட்டால், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

கேமரா போய்விட்டாலும் வெளியாள் விஷயத்தில் ஓர் ஆறுதல் இருக்கிறது. உள்ளேயே வேலை செய்பவர் எங்கே நின்றார் என்று காட்டுவது கடினம். வந்துபோகிறவரோ ஒவ்வொரு முறையும் தடம் விட்டுத்தான் போகிறார். வாசல் பதிவேட்டில் அவர் கையெழுத்தும் வந்த நேரமும் போன நேரமும் இருக்கும். வண்டி எண் இருக்கும். டெலிவரி சலானில் தேதி இருக்கும். கவிதாவின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: தள்ளிவைத்த பாகங்களின் பதிவுத் தாளில் அவரும் அந்தப் பிரதிநிதியும் சேர்ந்து போட்ட கையெழுத்து. மார்ச் 3, 11, 19 ஆகிய மூன்று நாளும் அந்த ஆள் கவிதாவின் மேசை அருகே இருந்தார் என்பதை இவையே நிறுவிவிடும். இந்த ஆவணங்களை நீங்கள் ரகசியமாக எடுத்து வர வேண்டாம். அது வேறு சிக்கலில் மாட்டிவிடும். எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று புகாரில் குறிப்பிட்டால் போதும். ஆவணங்களை வரவழைப்பதில் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது.

புகாரை எழுதுவது

"தவறாக நடந்துகொண்டார்", "அசிங்கமாகப் பேசினார்" என்று நிறுத்திவிடுவதுதான் புகார்களில் நான் அடிக்கடி காணும் குறை. எழுதக் கூச்சமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் குழுவுக்கு எதுவும் தெரியாது; நீங்கள் எழுதியதில் இருந்துதான் அது தொடங்கும். அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். எந்தக் கை, உடலில் எங்கே, எவ்வளவு நேரம், நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் அருகில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். கவிதாவின் கடிதம் இப்படி இருக்கலாம்:

> பெறுநர்: தலைவர், உள் புகார்க் குழு, (தொழிற்சாலையின் பெயர்), ஒரகடம்.
> நகல்: தலைவர், உள் புகார்க் குழு, (எனக்குச் சம்பளம் தரும் நிறுவனம்), சென்னை.
>
> நான் கடந்த நான்கு மாதமாக இங்கே ஒப்பந்த ஊழியராகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். (சப்ளையர் நிறுவனத்தின்) பிரதிநிதியான (பெயர்) என்பவர் மார்ச் 3, 11, 19 ஆகிய நாட்களில் பணியிடத்தில் எனக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார்.
>
> மார்ச் 19 பிற்பகல் சுமார் 2:45 மணிக்குப் பரிசோதனை மேசைக்கும் மூன்றாம் அடுக்குக்கும் இடையே வழியை மறித்து நின்று, வலது கையை என் இடுப்பில் வைத்தார். "கையை எடுங்கள்" என்று சொல்லித் தள்ளினேன். சரக்குப் பிரிவில் வேலை செய்யும் (பெயர்) அப்போது சுமார் பத்தடி தூரத்தில் இருந்தார். அன்று மாலையே என் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன்.
>
> (மற்ற இரண்டு நாட்களின் விவரம் இதே முறையில்.)
>
> என் கோரிக்கைகள்: 1. விசாரணை முடியும் வரை இவருக்கு உள்ளே வர அனுமதி தர வேண்டாம். 2. மேற்கண்ட நாட்களின் கேமராப் பதிவு, வாசல் பதிவேடு, டெலிவரி சலான், தள்ளிவைத்த பாகங்களின் பதிவுத் தாள் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். 3. நானாக எழுத்தில் கேட்டால் ஒழிய, என்னை வேறு இடத்துக்கோ வேறு ஷிப்டுக்கோ மாற்ற வேண்டாம்.

விதிப்படி புகாரின் ஆறு பிரதிகளை, ஆதார ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள், அதில் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். அலுவலக மின்னஞ்சல் கணக்கு எந்த நாளும் மூடப்படலாம்.

மூன்றாவது கோரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் புகார் வந்ததும் முதலில் செய்யும் வேலை, "உன் நன்மைக்காகத்தான்" என்று பெண்ணை அந்த இடத்தில் இருந்து எடுத்துவிடுவது. வாடிக்கையாளருக்கும் நிம்மதி, சப்ளையருக்கும் நிம்மதி. பெண்ணுக்கு மட்டும் பழகிய வேலையும் மிகைநேரச் சம்பளமும் போகிறது; இடமாற்றம் சம்பளம் இல்லாத காத்திருப்பாக முடிவதையும் பார்த்திருக்கிறேன். இது சட்டத்தின் நோக்கத்துக்கு நேர் எதிர். விசாரணைக் கால ஏற்பாடுகள் பற்றிய 12-ஆவது பிரிவு, பெண் எழுத்தில் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ பரிந்துரைக்கலாம் என்கிறது. அந்த விடுப்பு உங்கள் வழக்கமான விடுப்பில் இருந்து கழியாது. கேட்பது நீங்கள், கேட்காத மாற்றத்தை உங்கள் மேல் திணிப்பதற்கு அந்தப் பிரிவு வழி தரவில்லை. வெளியாள் விஷயத்தில் இடமாற்றமே தேவையில்லை என்பதையும் குழுவுக்கு நினைவூட்டுங்கள். வாசலில் ஒரு கேட் பாஸை ரத்து செய்தால் முடிகிற காரியம். சப்ளையர் வேறு ஒரு பிரதிநிதியை அனுப்பிக்கொள்ளலாம்.

அதன் பிறகு

கவிதா ஏப்ரல் 6 அன்று புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3-இன் கேமராப் பதிவு அதற்குள் போய்விட்டது. மார்ச் 19-உடையது கிடைத்தது. குழு ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்பினருக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வெளியாள் என்பதால் பிரதி அவருடைய நிறுவனத்தின் வழியாகவும் போகும். அவரையும் சாட்சிகளையும் வரச் செய்ய அந்த நிறுவனம் உதவ வேண்டும். அவர் வரவே மறுத்தால் விசாரணை நின்றுவிடாது. காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராவிட்டால், 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அவர் இல்லாமலேயே குழு முடிவு சொல்லலாம். இதே விதி புகார் கொடுத்தவருக்கும் பொருந்தும். அதனால் அமர்வுத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதுங்கள். இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது.

இந்தக் கட்டத்தில் சப்ளையர் பக்கத்தில் இருந்து யாராவது வீட்டுக்கே வருவார்கள். மன்னிப்பு, குடும்பம், வேலை போய்விடும் என்ற வேண்டுகோள். கையில் ஒரு உறையும் இருக்கலாம். சமரசம் சட்டத்தில் உண்டு. ஆனால் அது விசாரணை தொடங்குவதற்கு முன், நீங்களே கேட்டால் மட்டும், குழுவின் மூலம் நடக்க வேண்டும். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. வீட்டு வாசலில் நடப்பது சமரசம் அல்ல. யார் வந்தார்கள், எப்போது, என்ன சொன்னார்கள் என்று அன்றே குழுவுக்கு எழுதுங்கள்.

விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். கவிதாவுக்கு அது ஜூலை முதல் வாரம். பத்து நாட்களில் அறிக்கை. அது கிடைத்த 60 நாட்களுக்குள் நடவடிக்கை. குற்றம் உறுதியானால் இங்கே வேலை இரண்டாகப் பிரியும். தொழிற்சாலை தன் கையில் உள்ளதைச் செய்யும்: நிரந்தர நுழைவுத் தடை, ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் சப்ளையருக்கு எச்சரிக்கை அல்லது ஒப்பந்த ரத்து. எச்சரிக்கை, ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம், சம்பளத்தில் பிடித்து இழப்பீடு தருவது போன்றவற்றைச் சப்ளையர் நிறுவனம்தான் செய்ய முடியும். அதனால் அறிக்கை அந்த நிறுவனத்துக்கும் போனதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பல விவகாரங்கள் நுழைவுத் தடையோடு நின்றுபோய், அதே ஆள் அடுத்த வாரம் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருப்பது இந்த ஓர் அனுப்புதல் விடுபட்டதால்தான். முடிவில் குறை இருந்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நிரூபிக்க முடியாமல் போனால் உங்கள் மேல் நடவடிக்கை பாயும் என்று பயமுறுத்துவார்கள். தெரிந்தே பொய்யாகக் கொடுத்தால்தான் அது. ஆதாரம் போதவில்லை என்பது மட்டும் பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது.

குழுவால் தீராதவை

வந்தவருக்கு முதலாளியே இல்லாதபோது, உதாரணமாகத் தனியாகத் தொழில் செய்யும் மெக்கானிக், கடைக்கு வந்த வாடிக்கையாளர், அல்லது சப்ளையர் நிறுவனத்தின் உரிமையாளரே என்றால், குழுவின் அறிக்கையைக் கொண்டு யாரும் பணி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. நுழைவுத் தடையும் காவல் துறையும்தான் வழி. 19-ஆவது பிரிவில் இதற்காகவே ஒரு கடமை இருக்கிறது: தொல்லை கொடுத்தவர் ஊழியராக இல்லாதபோது, பெண் விரும்பினால், குற்றவியல் நடவடிக்கை தொடங்க முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். "நீயே ஸ்டேஷனுக்குப் போய்க்கொள்" என்று அனுப்பிவிட முடியாது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவு பாலியல் தொல்லையைப் பற்றியது. விருப்பமில்லாத தொடுதலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. பின்தொடர்தல் 78-ஆவது பிரிவில் வரும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "நடந்தது எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. தமிழ்நாட்டில் பலரும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். பெண்கள் உதவி எண் 181. காவல் நிலையத்துக்குப் போனதால் குழு விசாரணை நிற்க வேண்டியதில்லை. இரண்டும் இணையாக நடக்கலாம். கையை வைத்தது, வழிமறித்தது போன்றவற்றில் நான் இரண்டையும் சொல்வேன். முடிவு உங்களுடையது.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் குழு இல்லை என்றாலோ, உங்கள் முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ கேட்டால் விவரம் கிடைக்கும். குழு இருக்க வேண்டிய இடத்தில் அமைக்காமலே இருந்தால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. `shebox.wcd.gov.in` என்ற மத்திய அரசு இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்; அது சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பிவைக்கப்படும். இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டும் உரியது. ஆண் ஊழியருக்கு வெளியாள் தொல்லை கொடுத்தால், நிறுவனத்தின் சொந்தக் கொள்கையின் கீழ் மனிதவளப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

விசாரணை நடக்கும்போதே கவிதாவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால்? புகார் அதனால் செத்துவிடாது. அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார், வேலையே செய்கிறாரா என்பது குழுவுக்குத் தேவையில்லாத கேள்வி. தொழிற்சாலை வாசலில் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், குழுவின் தலைவருக்குத் தன் புதிய தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்து, அடுத்த அமர்வின் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.